சர்வர் விழுந்த பிறகும் அதற்கே போகும் கோரிக்கைகள்

ஒரு இணையதளத்துக்கு வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது லோடு பேலன்சரின் வேலை. அதன் பின்னால் நின்று பக்கத்தைத் தயாரித்துக் கொடுப்பவை பேக்கெண்ட் சர்வர்கள். அவற்றில் ஒன்று பழுதானால் அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொள்ள, லோடு பேலன்சர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டுப் பார்க்கிறது. இதற்கு ஹெல்த் செக் என்று பெயர்.

பெயரில் ஹெல்த் இருந்தாலும் இது மருத்துவப் பரிசோதனை அல்ல. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதற்குத்தான் இது நெருக்கம். பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் ஆசிரியர் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். குரல் கொடுத்த மாணவனுக்குக் காய்ச்சலா, பாடம் புரிகிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. சர்வர் பழுதான பிறகும் கோரிக்கைகள் ஏன் அதற்கே போகின்றன என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஹெச்ஏபிராக்ஸி என்ற லோடு பேலன்சரை வைத்து இதைப் பார்க்கலாம். இது பிரான்சைச் சேர்ந்த வில்லி டாரோ உருவாக்கிய திறந்தநிலை மென்பொருள். 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று சர்வர்கள் கொண்ட ஒரு எளிய அமைப்பு அதில் இப்படி எழுதப்படும்:

```
backend app
    balance roundrobin
    timeout server 30s
    server app1 10.0.0.11:8080 check
    server app2 10.0.0.12:8080 check
    server app3 10.0.0.13:8080 check
```

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருக்கும் `check` என்ற ஒற்றைச் சொல்தான் ஹெல்த் செக்கை இயக்குகிறது. வேறு எதுவும் சொல்லாதபோது ஹெச்ஏபிராக்ஸி 2 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும். தொடர்ந்து 3 முறை தோற்றால் சர்வர் விழுந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளும். விழுந்த சர்வர் தொடர்ந்து 2 முறை தேறினால் மறுபடியும் சேர்த்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் இந்த மூன்று எண்களும் முறையே `inter`, `fall`, `rise` எனப்படும்.

முதலில் எளிதான பழுது. app2-வில் ஓடும் நிரல் திடீரென்று நின்றுவிடுகிறது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 8080 என்ற கதவில் கேட்க ஆள் இல்லாததால் இயக்க முறைமையே இணைப்பை உடனடியாக மறுத்துவிடும். நிரல் நின்ற கணத்துக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே அதிகபட்சம் 2 விநாடி. அதன் பிறகு இன்னும் இரண்டு தோல்விகள் வேண்டும். அதற்கு 4 விநாடி. ஆக, பழுது நடந்து 4 முதல் 6 விநாடி வரை லோடு பேலன்சருக்கு விஷயம் தெரியாது. தளத்துக்கு விநாடிக்கு 300 கோரிக்கைகள் வருகின்றன என்றால், app2-வின் பங்கு 100. அந்த இடைவெளியில் 400 முதல் 600 கோரிக்கைகள் செத்த சர்வரைப் போய் முட்டும்.

அத்தனையும் பயனருக்குப் பிழையாகத் தெரிய வேண்டியதில்லை. இணைப்பே கிடைக்காதபோது கோரிக்கை இன்னும் கைமாறவில்லை. அதனால் ஹெச்ஏபிராக்ஸி தயங்காமல் திரும்ப முயலும். இயல்பாக 3 முறை. ஆனால் அதே சர்வரிடமே, ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி வரை பொறுத்து முயலும். `option redispatch` என்ற வரியைச் சேர்த்திருந்தால் கடைசி முயற்சியை வேறு சர்வருக்கு மாற்றிவிடும். பயனருக்கு இரண்டு மூன்று விநாடி தாமதத்தோடு போகும். சேர்க்காவிட்டால் 503 என்ற பிழைப் பக்கம் கிடைக்கும்.

இயந்திரமே மின்சாரம் போய் அணைந்துவிட்டால் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். அப்போது மறுப்புகூட வராது, மௌனம் மட்டும்தான். ஒவ்வொரு சோதனையும் தன் காலக்கெடு முடியும்வரை காத்திருந்துதான் தோற்கும். கண்டுபிடிக்க ஆகும் நேரம் சுமார் 8 விநாடி வரை நீளும்.

இந்த இடைவெளியைக் குறைக்க, அரை விநாடிக்கு ஒருமுறை சோதித்து ஒரே தோல்வியில் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அது பெரும்பாலும் வேறொரு வினையை இழுத்துவரும். நிரலிடமே பதில் கேட்கும் சோதனையாக இருந்தால், நிரல் நினைவகத்தைச் சுத்தம் செய்ய ஒரு கணம் நின்றாலும் நல்ல சர்வர் விழுந்ததாகக் கணக்காகிவிடலாம். அதன் 100 கோரிக்கைகளும் மற்ற இரண்டின் தலையில் விழும். அவை 100-க்குப் பதில் 150 சுமக்க வேண்டும். அந்தச் சுமையில் அவையும் அரை விநாடி தடுமாறினால் அவையும் போகும். மூன்று தோல்வி வரை பொறுப்பது மெத்தனம் அல்ல. நல்ல சர்வரைத் தவறாகத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் விலை. அந்தச் சில விநாடிகளில் போகும் கோரிக்கைகளை எந்த ஹெல்த் செக்காலும் முழுமையாகத் தடுக்க முடியாது.

விநாடிக் கணக்கில் முடியும் பழுது இது. நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நீடிக்கும் பழுதுக்குக் காரணம் வேறு: சோதனை கேட்கும் கேள்வி.

மேலே உள்ள அமைப்பில் `check` என்ன கேட்கிறது என்று பார்த்தால், டிசிபி இணைப்பு கிடைக்கிறதா என்பதை மட்டும்தான். அந்த இணைப்பை ஏற்படுத்திக் கொடுப்பது நிரல் அல்ல, இயக்க முறைமையின் மையமான கெர்னல். வீட்டுக்காரர் உள்ளே மயங்கிக் கிடந்தாலும் வாசல் காவலாளி வந்தவரை வரவேற்றுத் திண்ணையில் உட்காரவைப்பது போன்றது இது. சோதனைக்கென்று ஒதுக்கிய இயந்திரத்தில் இதை யாரும் கண்ணால் பார்க்கலாம். app2-வில் நிரலின் எண்ணைக் கண்டுபிடித்து இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
kill -STOP 4312
```

நிரல் அந்த இடத்திலேயே உறைந்துவிடும். சாகாது, ஒரு வரி வேலையும் செய்யாது. ஆனால் ஹெச்ஏபிராக்ஸியின் திரையில் app2 பச்சையாகவே இருக்கும். சோதனை முடிவு `L4OK` என்று காட்டும். அந்த சர்வருக்குப் போன ஒவ்வொரு கோரிக்கையும் `timeout server` சொன்ன 30 விநாடி காத்திருந்து, 504 பிழையோடு திரும்பும். பதிவேட்டில் அந்த வரிகளின் முடிவு நிலை `sH--` என்று இருக்கும். சர்வரின் பதில் தலைப்புக்காகக் காத்திருந்து காலக்கெடு முடிந்தது என்று அதற்குப் பொருள். சோதனை `L4OK` என்றும் பதிவேடு `sH--` என்றும் ஒரே சர்வரைப் பற்றிச் சொன்னால், கேள்வி தவறு என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

திண்ணையிலும் இடம் அளவானதுதான். நிரல் எடுத்துக்கொள்ளாத இணைப்புகளைக் கெர்னல் ஒரு வரிசையில் நிறுத்திவைக்கிறது. நோட்.ஜேஎஸ் நிரலாக இருந்தால் அந்த வரிசைக்கு அது கேட்கும் இயல்பான நீளம் 511. வரிசை நிரம்பிய பிறகுதான் கெர்னல் புதிய இணைப்புகளைக் கைவிடும், டிசிபி சோதனையும் தோற்கத் தொடங்கும். பகலில் விநாடிக்கு 100 கோரிக்கைகள் வந்தால் வரிசை ஐந்து விநாடியில் நிரம்பிவிடும். நள்ளிரவில் விநாடிக்கு 2 கோரிக்கைகளும், 2 விநாடிக்கு ஒரு சோதனையும் மட்டும் வந்தால், நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே பழுது, ஒரே அமைப்பு. பகலில் சட்டென்று பிடிபடுகிறது, இரவில் நிமிடக் கணக்கில் ஒளிந்துகொள்கிறது. "சில சமயம் மட்டும் வருகிறது" என்று சொல்லப்படும் பழுதுகளில் இந்த வகை அடிக்கடி இருக்கும்.

நடைமுறையில் நிரல் முழுதாக உறைவதைவிட அதிகம் நடப்பது அரைகுறையாக உறைவது. நிரல் தரவுத்தளத்தோடு வைத்திருக்கும் இணைப்புகள் எல்லாம் ஏதோ ஒரு நீண்ட வினவலில் மாட்டிக்கொள்கின்றன. புதிதாக வரும் கோரிக்கைகளை நிரல் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்டு, தரவுத்தள இணைப்பு ஒன்று விடுபடட்டும் என்று காத்திருக்கிறது. இங்கே கெர்னலின் வரிசை நிரம்பவே நிரம்பாது. டிசிபி சோதனை நாள் முழுக்கத் தேறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கேள்வியை நிரலிடமே கேட்க வேண்டும். ஹெச்ஏபிராக்ஸியில் அதற்கான வரிகள் இவை:

```
    option httpchk GET /health
    http-check expect status 200
```

இப்போது சோதனை, இணைப்போடு நிற்காமல் `/health` என்ற முகவரியைக் கேட்டு, 200 என்ற பதில் வருகிறதா என்று பார்க்கும். உறைந்த நிரல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது தோல்வியில் பட்டியலிலிருந்து நீங்கும். இரண்டாவது வரியை விட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டுவிட்டால் 200-களோடு 300-களில் வரும் பதில்களும் தேர்ச்சியாகவே கணக்காகும். பிழை வந்தால் பயனரை "மன்னிக்கவும்" பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிரல்கள் அனுப்புவது 302. அப்படிப்பட்ட நிரல் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் சோதனையில் தேறிக்கொண்டிருக்கும்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் மிக மோசமான நிலை காத்திருக்கிறது. `/health` முகவரிக்கு "ok" என்று இரண்டெழுத்தைத் திருப்பித் தரும் ஒரு சிறு பகுதியை மட்டும் நிரலில் எழுதிவைப்பது வழக்கம். app2-வை மறுபடி இயக்கும்போது தரவுத்தளக் கடவுச்சொல் தவறாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பக்கம் எதைக் கேட்டாலும் 500 பிழை. `/health` மட்டும் "ok" என்கிறது, ஏனென்றால் அதற்குத் தரவுத்தளமே வேண்டாம்.

இந்த அமைப்பில் கோரிக்கைகளைப் பங்கிடும் முறை `roundrobin`-க்குப் பதில் `leastconn` ஆக இருந்தால் சேதம் பல மடங்காகும். `leastconn` என்பது, கையில் வேலை குறைவாக இருக்கும் சர்வருக்கு அடுத்த கோரிக்கையைக் கொடுப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ரேஷன் கடையில் மூன்று வரிசைகள் இருந்தால் நீளம் குறைந்த வரிசையில் போய் நிற்பதுபோலத்தான். ஆனால் ஒரு வரிசையில் இருப்பவர் அரிசி அளக்காமல், வந்தவர்களையெல்லாம் "இல்லை" என்று அந்தக் கணமே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால், எப்போதும் நீளம் குறைந்த வரிசை அதுவாகத்தான் இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அங்கேயே போவார்கள்.

நல்ல சர்வர் ஒரு பக்கத்தைத் தயாரிக்க 200 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது என்றால், app2 தரவுத்தளம் மறுத்த கையோடு 5 மில்லிவிநாடியில் பிழையைக் கொடுத்துவிடுகிறது. 40 மடங்கு சீக்கிரம் கை காலியாகிறது. தளத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும்போது, மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் கோரிக்கைகளில் பெரும்பகுதி app2-வுக்கே போய்ச் சேரும். மற்ற இரண்டு நல்ல சர்வர்களும் கிட்டத்தட்ட வேலையில்லாமல் நிற்கும். (உறைந்துபோன சர்வரில் இதே முறை நேர்மாறாக உதவுகிறது: முடியாத கோரிக்கைகள் குவிவதால் அதன் வரிசை நீண்டு, புதியவை அதற்குப் போவது தானாகவே குறையும்.)

இந்த நிலையைக் கண்டுபிடிக்க ஹெச்ஏபிராக்ஸியின் புள்ளிவிவரத்தைக் கேட்டால் போதும். கீழே உள்ள கட்டளை, சர்வரின் பெயர், நிலை, அது எத்தனை முறை தேர்ந்தெடுக்கப்பட்டது, சோதனை முடிவு, அது கொடுத்த 500-வகைப் பிழைகள் ஆகிய ஐந்தையும் வரிசையாகக் காட்டும்:

```
echo "show stat" | socat stdio /run/haproxy/admin.sock | cut -d, -f2,18,31,37,44
```

மேலே சொன்ன பழுதில் விடை இந்த வடிவில் வரும்:

```
app1,UP,5210,L7OK,3
app2,UP,61874,L7OK,61790
app3,UP,5198,L7OK,5
```

நிலையும் சோதனை முடிவும் மூன்று வரியிலும் ஒன்றுதான். மூன்றாவது, ஐந்தாவது எண்கள் மட்டும் உண்மையைச் சொல்கின்றன. நிலை காட்டும் திரையை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காப்பவர்களுக்கு இந்தப் பழுது தெரியாமலே போகும்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, பயனர்களின் உண்மையான கோரிக்கைகளையே கவனிப்பது. சர்வர் வரியில் `observe layer7 error-limit 50 on-error mark-down` என்று சேர்த்தால், தொடர்ந்து 50 பதில்கள் பிழையாக இருந்தவுடன் ஹெச்ஏபிராக்ஸி அந்த சர்வரை விலக்கிவிடும். ஆனால் விலக்கிய சர்வரை மறுபடி சேர்ப்பது பழைய ஹெல்த் செக்தான். `/health` இன்னும் "ok" என்கிறது. இரண்டு தேர்ச்சி கிடைத்ததும், அதாவது சில விநாடிகளில், app2 உள்ளே வந்துவிடும். ஐம்பது பேருக்குப் பிழை கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போகும். சேதம் குறைகிறது, நிற்கவில்லை.

இரண்டாவது மருந்து `/health`-ஐ ஆழமாக்குவது. "ok" சொல்வதற்கு முன் நிரல், பயனர்களின் கோரிக்கைகள் பயன்படுத்தும் அதே இணைப்புத் தொகுப்பிலிருந்து ஒரு தரவுத்தள இணைப்பை எடுத்து, `SELECT 1` என்று ஒரு சிறு கேள்வி கேட்டு, பதில் வந்தால் மட்டும் 200 தர வேண்டும். அதே தொகுப்பு என்பது முக்கியம். சோதனைக்கென்று தனி இணைப்பு ஒதுக்கிவிட்டால், தொகுப்பு வற்றிப்போனது சோதனைக்குத் தெரியாது. காத்திருக்கவும் ஒரு வரம்பு வேண்டும். அரை விநாடியில் இணைப்பு கிடைக்காவிட்டால் 503 என்று சொல்லிவிட வேண்டும். கடவுச்சொல் தவறு, வற்றிய தொகுப்பு ஆகிய இரண்டு பழுதுகளும் இதில் பிடிபடும்.

சர்வர் விழுந்ததாகச் சரியாகவே கண்டுபிடித்த பிறகும் சில கோரிக்கைகள் அங்கே போய்க்கொண்டிருக்கும். ஹெல்த் செக்கின் தீர்ப்பு புதிதாக வருபவர்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அல்ல. அரட்டைப் பக்கங்களும் நேரடி விலைப் பட்டியல்களும் பயன்படுத்தும் வெப்சாக்கெட் இணைப்புகள் மணிக் கணக்கில் திறந்திருக்கும். app2 சிவப்பாக மாறினாலும் அந்த இணைப்புகளை ஹெச்ஏபிராக்ஸி தானாக வெட்டாது. மெதுவாகிவிட்ட சர்வர் கையிலுள்ள வேலையை முடிக்கட்டும் என்பது அதற்கான நியாயம். பல நேரங்களில் அது சரியும்கூட. மின்சாரம் போன இயந்திரத்துக்கு அது பொருந்தாது. பதில் வராத இணைப்பில் ஏதாவது அனுப்பினால், லினக்ஸ் இயல்பான அமைப்பில் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக் கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் எடுத்துக்கொள்ளும். லோடு பேலன்சரின் சொந்தக் காலக்கெடு அதற்கு முன் குறுக்கிடாவிட்டால், பயனரின் திரை அதுவரை நகராமல் நிற்கும். சர்வர் விழுந்த கணமே இணைப்புகளை வெட்டி, பயனரின் உலாவியைப் புதிதாக இணைய வைக்க விரும்பினால் `on-marked-down shutdown-sessions` என்று எழுத வேண்டும்.

ஹெச்ஏபிராக்ஸியைப் போலவே பரவலாக இருக்கும் என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு வேறு வழியில் போகிறது. அது தனியாகக் கூப்பிட்டுப் பார்ப்பதே இல்லை. பயனர்களின் கோரிக்கைகளே அதற்குச் சோதனை. ஒரு கோரிக்கை தோற்றால் அந்த சர்வரை 10 விநாடி ஒதுக்கிவைக்கிறது. பிறகு இன்னொரு பயனரின் கோரிக்கையை அனுப்பிப் பார்க்கிறது. செத்த சர்வருக்குக் கோரிக்கை போவது இங்கே பழுதல்ல, முறையே அதுதான். மின்சாரம் போன இயந்திரமாக இருந்தால் இணைப்புக்காகக் காத்திருக்கும் இயல்பான வரம்பு 60 விநாடி. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சிலர் ஒரு நிமிடம் காத்திருக்க நேரும். `proxy_connect_timeout` அளவை இரண்டு விநாடிக்குக் குறைப்பது இந்த அமைப்பில் முதலில் செய்ய வேண்டிய வேலை. 500 பிழைகளை அது இயல்பாகத் தோல்வியாகவே எண்ணாது என்பதால், கடவுச்சொல் தவறிய app2-வை அது ஒருபோதும் ஒதுக்காது.

கடைசியாக, லோடு பேலன்சர் தெரிந்தே அனுப்பும் நிலை ஒன்று உண்டு. ஆழமான சோதனையை மூன்று சர்வர்களிலும் வைத்தாயிற்று, தரவுத்தளம் ஒன்றுதான். அந்தத் தரவுத்தளம் பத்து விநாடி திணறினால் மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் சோதனையில் தோற்கும். ஹெச்ஏபிராக்ஸி அனுப்ப இடமில்லாமல் எல்லோருக்கும் 503 கொடுக்கும். தரவுத்தளம் தேவைப்படாத பக்கங்களும் சேர்ந்து போய்விடும். அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்சர் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. எல்லா சர்வர்களும் விழுந்ததாகத் தெரிந்தால், தவறு சர்வர்களிடம் அல்ல, சோதனையிடம் இருக்கலாம் என்று கொண்டு, அத்தனைக்கும் அனுப்பத் தொடங்கிவிடும். என்வாய் என்ற லோடு பேலன்சர் இன்னும் முன்னதாகவே அந்த முடிவுக்கு வருகிறது. நலமாக இருப்பவை பாதிக்கும் கீழே குறைந்தவுடன், இயல்பான அமைப்பில் அது ஹெல்த் செக் சொல்வதைப் பொருட்படுத்தாமல் எல்லா சர்வர்களுக்கும் பங்கிடும். எஞ்சிய ஓரிரு நல்ல சர்வர்கள் முழுச் சுமையில் நசுங்கிவிடக்கூடாது என்பதற்காக.

இந்த இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துபவர், சிவப்பாக இருக்கும் சர்வருக்குக் கோரிக்கை போவதைப் பார்த்தால் அமைப்பில் பிழை தேடுவதற்கு முன், எத்தனை சர்வர்கள் சிவப்பாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சிவப்பு என்றால் கோளாறு அந்த சர்வரில். எல்லாம் ஒரே விநாடியில் சிவப்பானது என்றால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பின்னால் இருக்கும் தரவுத்தளத்தையோ வலையமைப்பையோ சோதனையின் முகவரியையோதான் முதலில் பார்க்க வேண்டும்.